ஏஐ அவதாருக்கு வசனம் எழுதுவது: மாம்பழ ஈ பற்றிய அரை நிமிட வீடியோவை வைத்து ஒரு வழிகாட்டி

கிருஷ்ணகிரிப் பக்கம் மா விவசாயிகளுக்காகச் சின்னச் சின்ன வீடியோக்கள் செய்து தருகிறேன். கேமரா முன்னால் நின்று பேச ஆள் கிடைக்காத நேரத்தில் ஏஐ அவதாரைப் பயன்படுத்துவேன். நாம் எழுதிக் கொடுப்பதை ஒரு செயற்கைக் குரல் படிக்கும், அந்தக் குரலுக்கு ஏற்ப திரையில் ஒரு முகம் வாயசைக்கும். சந்தூரில் கன்றுப் பண்ணை வைத்திருக்கும் அண்ணன் ஒருவருக்காக, பழ ஈயைக் கட்டுப்படுத்துவது பற்றி முதன்முதலில் இப்படி ஒரு வீடியோ செய்தேன். பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, இந்தப் பொண்ணு ஏன் மூச்சே விடாம பேசுது?"

அவர் சொன்னது சரிதான். முகத்தில் குறையில்லை, குரலிலும் குறையில்லை. நான் எழுதிய வாக்கியத்தில்தான் கோளாறு. இதுதான் அந்த வாக்கியம்:

"மாந்தோப்புகளில் காய் முற்றும் பருவத்தில் பழ ஈக்களால் ஏற்படும் சேதத்தைக் கட்டுப்படுத்த, ஏக்கருக்குப் பத்து மீத்தைல் யூஜினால் பொறிகளைக் கட்டி, கீழே விழுந்த காய்களை உடனுக்குடன் பொறுக்கி அழித்து, மரத்தடி மண்ணைக் கிளறிவிட வேண்டும்."

துண்டுப் பிரசுரத்தில் இது இருந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கண்ணால் படிப்பவர் வேண்டிய இடத்தில் நின்றுகொள்வார். அவதாருக்கு அந்த வசதி இல்லை. இந்த வாக்கியத்தைப் பேசும்படியாக மாற்றியது எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் குரலின் வேகத்தை அளந்துவிட வேண்டும். ஆங்கிலத்தில் வீடியோ செய்கிறவர்கள் நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று கணக்குப் போடுவார்கள். தமிழில் அந்தக் கணக்கை நம்ப முடியாது. 'ஈ' என்பதும் ஒரு சொல், 'புதைத்துவிடுங்கள்' என்பதும் ஒரு சொல். நான் அசையை எண்ணுகிறேன். தமிழில் இது சுலபம்: புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு மற்றவற்றை எண்ணினால் போதும். 'கட்டுங்கள்' என்பதில் க, டு, க என்று மூன்று. 'வேண்டும்' என்பதில் வே, டு என்று இரண்டு. இலக்கணத்தில் சொல்லும் நேரசை, நிரையசை வேறு. இங்கே எண்ணுவது வாய் எத்தனை முறை திறக்கிறது என்பதைத்தான்.

ஏறக்குறைய 100 அசை வரும்படி ஒரு பத்தி எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த குரலில் அதன் ஒலியை மட்டும் கேட்டு, எத்தனை விநாடி ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நான் பயன்படுத்தும் குரலுக்கு 17 விநாடி ஆனது. அதாவது விநாடிக்கு ஏறக்குறைய 6 அசை. உங்கள் குரலுக்கு இது மாறும். குரலை மாற்றினால் மறுபடி அளக்க வேண்டும். இந்த ஒரு எண் கையில் இருந்தால், அவதாரை ஓட்டிப் பார்க்காமலே ஒரு வரி எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று தெரிந்துவிடும்.

மேலே உள்ள வாக்கியத்தை எண்ணினால் 77 அசை. 6 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 13 விநாடி. நடுவில் காற்புள்ளிகள் மட்டும்தான், முற்றுப்புள்ளி ஒன்றுகூட இல்லை. பேசிப் பழகிய ஆளும் இதைப் பேசி முடிப்பதற்குள் திணறிப்போவார்.

வாக்கியம் நீண்டால் அவதாருக்கு என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. இப்படிப்பட்ட அவதார்களில் பல, ஒரு நிஜ மனிதரைப் படம்பிடித்த காட்சியிலிருந்து உருவானவை. தலையசைப்பு, கண் சிமிட்டல், கை அசைவு எல்லாம் அந்தப் பழைய காட்சியிலிருந்தே வரும். வாய்ப் பகுதியை மட்டும் கருவி புதிதாக வரையும். கைக்கும் நம் வசனத்துக்கும் தொடர்பு இல்லை. குட்டி வாக்கியங்கள் என்றால், இடையில் வாய் மூடி நிற்கும் சிறு இடைவெளிகளில் கை எப்படி அசைந்தாலும் இயல்பாகத் தோன்றும். 13 விநாடி வாக்கியத்தில், பேச்சு நடுவில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கை முடித்துக்கொண்டு கீழே இறங்கிவிடும். பார்ப்பவருக்கு ஏதோ சரியில்லை என்று படும், என்னவென்று சொல்லத் தெரியாது. குரலிலும் அதே கதைதான். செயற்கைக் குரல் வாக்கியத்தின் தொடக்கத்தில் எடுப்பாக இருந்து முடிவுக்கு வர வர இறங்கும். வாக்கியம் நீண்டால் பின்பாதி முழுவதும் தட்டையாகிவிடும். அந்தப் பின்பாதியில்தான் தமிழில் வினைச்சொல் இருக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்பதைச் சோர்ந்த குரலில் சொன்னால் விவசாயி காதில் அது ஏறுமா?

அதனால் நான் வைத்துக்கொண்ட எல்லை: ஒரு வாக்கியம் 25 அசையைத் தாண்டக் கூடாது. அது நாலு விநாடிக்குக் கொஞ்சம் மேல். 15ஐத் தாண்டினால் நடுவில் ஒரு காற்புள்ளி இருக்க வேண்டும். இது எந்தக் கருவியின் விதியும் அல்ல, கேட்டுக் கேட்டு நான் வந்து சேர்ந்த அளவு.

கருவியின் விதி தனியாக இருக்கிறது. வசனம் எழுதும் பெட்டியின் ஓரத்தில் இத்தனை எழுத்து வரைதான் என்று ஒரு எண் ஓடும். அது நாம் எண்ணுவதுபோல் எண்ணாது. 'மாம்பழம்' நமக்கு ஐந்து எழுத்து. பெட்டிக்கு எட்டு. ம, கால், ம, புள்ளி, ப, ழ, ம, புள்ளி என்று ஒவ்வொரு குறியையும் தனித்தனியாக எண்ணிக்கொள்ளும். 'கிருஷ்ணகிரி' நமக்கு ஆறு, பெட்டிக்குப் பதினொன்று. ஆக, 1,000 எழுத்து என்று போட்டிருந்தால் தமிழில் 600 எழுத்துக்குப் பக்கத்திலேயே இடம் தீர்ந்துவிடும். புதிதாக வருகிறவர்கள் இங்கே தடுமாறி, கடைசி வரி வெட்டுப்பட்டதைக் கவனிக்காமல் வீடியோவை எடுத்துவிடுகிறார்கள். ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் திணிக்காமல் காட்சி காட்சியாகப் பிரித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

சரி, இப்போது அந்த 77 அசை வாக்கியத்தை உடைப்போம். உடைப்பது என்றால் காற்புள்ளியை எடுத்துவிட்டு முற்றுப்புள்ளி வைப்பதல்ல. 'கட்டி', 'பொறுக்கி', 'அழித்து' என்ற எச்சங்கள் கடைசி வினைக்காகக் காத்திருப்பவை. ஒவ்வொன்றுக்கும் தனி முற்று கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுக்கும்போதே ஏன், எப்படி என்பதும் உள்ளே வர இடம் கிடைக்கும். என் முதல் திருத்தம் இது. ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் அசை எண்ணிக்கை:

காய் முற்றும் நேரத்தில் பழ ஈ வரும். (11)
அது காயின் தோலுக்குள் முட்டை வைக்கும். (11)
வெளியே காய் நன்றாகவே தெரியும். (11)
உள்ளே புழு தின்றுகொண்டிருக்கும். (10)
இதற்கு மீத்தைல் யூஜினால் பொறி கட்டுங்கள். (13)
ஏக்கருக்குப் பத்துப் பொறி போதும். (10)
அதில் ஆண் ஈக்கள் மட்டும்தான் விழும். (10)
அதனால் விழுந்த காயையும் பொறுக்க வேண்டும். (14)
பொறுக்கிய காயை, ஆழக் குழிதோண்டிப் புதைத்துவிடுங்கள். (18)
மரத்தடி மண்ணையும் கிளறிவிட வேண்டும். (14)
கூட்டுப்புழு மேலே வந்து வெயிலில் காயும். (13)

கூட்டினால் 135 அசை. 77 ஆக இருந்தது கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிட்டது. பேச்சுக்கு மட்டும் 23 விநாடி, வரிகளுக்கு நடுவே அரை விநாடி வீதம் பத்து இடைவெளிக்கு 5 விநாடி, மொத்தம் 28 விநாடி. வாக்கியத்தைக் குறைத்தால் வீடியோ குறையும் என்று நினைக்காதீர்கள், கூடத்தான் செய்யும். எல்லாவற்றையும் சொல்ல நேரமில்லை என்றால் ஒரு விஷயத்தையே விட்டுவிடுங்கள். வேகத்தைக் கூட்டி உள்ளே அடைக்காதீர்கள். அதற்கான காரணம் கொஞ்சம் கீழே வருகிறது.

இந்தத் திருத்தத்தை ஓட்டிக் கேட்டபோது இன்னொரு குறை தெரிந்தது. முதல் நான்கு வரிகளும் 11, 11, 11, 10. ஒரே அளவில் தட்டித் தட்டி வருகிறது, பள்ளிப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல. மூன்றையும் நான்கையும் சேர்த்தேன்: "வெளியே காய் நன்றாகவே தெரியும், உள்ளே புழு தின்றுகொண்டிருக்கும்." 21 அசை, நடுவில் காற்புள்ளி. எல்லைக்குள்தான் இருக்கிறது, பேச்சுக்கும் ஓர் ஏற்ற இறக்கம் வந்துவிட்டது. இரண்டு குட்டி வரிக்கு ஒரு நீள வரி என்று கலந்து வைத்தால் பெரும்பாலும் சரியாக வருகிறது.

அடுத்தது உதட்டசைவு. தமிழில் பாதிக்கு மேற்பட்ட எழுத்துகள் வாய்க்குள்ளேயே பிறப்பவை. க, ங, ற, ள, ழ ஆகியவற்றை அவதார் எப்படிச் சொன்னாலும் வெளியே தெரியாது. உதடு முழுக்க மூடுவது ப, ம என்ற இரண்டுக்குத்தான். வ சொல்லும்போது கீழ் உதடு மேல் பல்லைத் தொடும். ஊ, ஓ சொல்லும்போது உதடு குவியும், ஆ சொல்லும்போது வாய் நன்றாகத் திறக்கும். பார்ப்பவரின் கண் தன்னையறியாமல் கவனிப்பது இவற்றைத்தான். 'ப' காதில் விழும்போது உதடு மூடவில்லை என்றால் அங்கேயே நம்பிக்கை போய்விடும்.

வேகத்தைக் கூட்டக் கூடாது என்றதற்குக் காரணம் இங்கே இருக்கிறது. வீடியோவில் விநாடிக்கு 25 படம் என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 6 அசை பேசினால் ஓர் அசைக்கு நாலு படம். அந்த நாலில் ஒன்றிரண்டு படத்தில் உதடு மூடி, மிச்சத்தில் திறந்துவிட வேண்டும். வேகத்தைக் கூட்டி விநாடிக்கு 8 அசை ஆக்கினால் ஓர் அசைக்கு மூன்று படம்தான். மூடிய உதடு ஒரே படத்தில் வந்து போகும், அல்லது பாதி மூடிய நிலையிலேயே நின்றுவிடும். 'போதும்', 'பொறுக்க வேண்டும்' எல்லாம் மென்று விழுங்கியதுபோல் தெரியும்.

ம் என்று முடியும் வாக்கியத்தில் நமக்கு ஒரு லாபம் இருக்கிறது. 'போதும்', 'வேண்டும்', 'காயும்' என்று முடிந்தால் உதடு தானாக மூடிய நிலையில் நிற்கும். அடுத்த காட்சி மூடிய வாயோடு தொடங்கும், ஒட்டு தெரியாது. அதனால் ஒவ்வொரு காட்சியின் கடைசி வரியையும் முடிந்தவரை ம் என்று முடிக்கப் பார்க்கிறேன். மேலே உள்ளதை மூன்று காட்சியாகப் பிரித்தால் முடிவுகள் 'தின்றுகொண்டிருக்கும்', 'விழும்', 'காயும்'. மூன்றும் ம். 'கட்டுங்கள்' என்று முடியும் வரியைக் காட்சியின் தொடக்கத்தில் வைத்ததும் இதற்காகத்தான்.

வாயில் நுழையாத சொல் ஒன்று எல்லா வீடியோவிலும் இருக்கும். இதில் அது மீத்தைல் யூஜினால். குரல் அதைத் தடுமாறிச் சொல்லும், வாயும் அதற்கேற்பக் கோணும். சொல்லை மாற்ற முடியாது, கடையில் போய்க் கேட்க விவசாயிக்கு அந்தப் பெயர் வேண்டும். அந்த வரி ஓடும்போது முகத்தைக் காட்டாதீர்கள். பொறியின் படத்தைத் திரை முழுக்க வைத்து, கீழே பெயரைப் பெரிய எழுத்தில் போடுங்கள். 13 அசை, இரண்டு விநாடிக்குக் கொஞ்சம் மேல். கண்ணும் பொறியைப் பார்த்த மாதிரி ஆயிற்று. தோப்பில் எடுத்த உங்கள் சொந்தப் படமாக இருந்தால் இன்னும் நல்லது. பொறி எப்படி இருக்கும் என்று தெரியாதவருக்கு முகத்தைவிட அந்தப் படம்தான் உதவும்.

எழுத்தில் வைக்கும் சில குறிகளும் வாயைக் கெடுக்கும். 'மி.லி.', 'கி.மீ.', 'ரூ.' என்று எழுதினால், அந்தப் புள்ளியை வாக்கிய முடிவு என்று எடுத்துக்கொள்ளும் குரல்கள் உண்டு. அவதார் 'மி' என்று சொல்லி வாயை மூடி ஒரு நொடி நின்று, மறுபடி 'லி' என்று தொடங்கும். மில்லி, கிலோமீட்டர், ரூபாய் என்று முழுசாக எழுதுங்கள். எண்களையும் சொல்லாகவே எழுதுங்கள். '10-15' என்று எழுதியதைப் பத்து கழித்தல் பதினைந்து என்று என் அவதார் படித்தது. 'பத்திலிருந்து பதினைந்து' என்று எழுதினால் அந்தக் குழப்பமே இல்லை.

ஒற்று மிகுவதிலும் கவனம் வேண்டும். "ஏக்கருக்குப் பத்துப் பொறி" என்று தொடர்ந்து பேசும்போது அந்த 'ப்' உதட்டைச் சற்று நேரம் மூடி வைக்கும், பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் அந்த இடத்தில் காற்புள்ளியோ வரி முறிப்போ போட்டால் 'ஏக்கருக்குப்' என்பதோடு பேச்சு நின்று, உதடு மூடியபடி அந்தரத்தில் நிற்கும். இடைவெளி விடும் இடத்தில் ஒற்றை எடுத்துவிடுங்கள். இலக்கணமும் அதைத்தான் சொல்கிறது.

'பஸ்', 'பேங்க்' போன்ற சொற்களில் முதல் எழுத்தை வல்லினமாகப் படிப்பதா மெலிதாகப் படிப்பதா என்று குரல் குழம்பலாம். உதட்டுக்கு இரண்டும் ஒன்றுதான், காதுக்கு மட்டுமே வித்தியாசம். அதனால் இப்படிப்பட்ட சொற்களைக் காதால் சோதித்தால் போதும்.

எழுத்து நடையா, பேச்சு நடையா என்ற கேள்வி வரும். முழுக்கச் செய்தி வாசிப்பு நடையில் எழுதினால் தோப்பில் நிற்கிறவருக்கு அந்நியமாக இருக்கும். முழுக்கப் பேச்சு நடையில் எழுதினால் குரல் சொதப்பும். 'மரம்' என்பதை நாம் பேசும்போது கடைசி ம் மூக்கோடு போய்விடும், உதடு மூடாது. குரலோ எழுத்தில் இருப்பதைப் பார்த்து அழுத்தமாக மூடும். பேச்சு நடையில் எழுதிவிட்டு இந்த மூடலையும் கேட்டால் நாடகத்தனமாக இருக்கிறது. நான் நடுவழியில் போகிறேன்: எளிய சொல், எழுத்து இலக்கணம், குட்டி வாக்கியம். 'சேதத்தைக் கட்டுப்படுத்த' என்பதை எடுத்துவிட்டு 'இதற்கு' என்று வைத்ததுபோல.

இடைவெளி வேண்டிய இடத்தில் பல கருவிகள் இப்படி ஒரு குறியை ஏற்றுக்கொள்ளும்:

```
காய் முற்றும் நேரத்தில் பழ ஈ வரும். <break time="500ms"/>
அது காயின் தோலுக்குள் முட்டை வைக்கும்.
```

500 என்பது அரை விநாடி. உங்கள் கருவி இதை ஏற்காவிட்டால் குறியை அப்படியே வாசித்துவிடும், ஒரு வரியில் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். அப்போது இடைவெளி விடுவதற்கு அந்தக் கருவியில் தனிப் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள்.

வீடியோ வந்த பிறகு மூன்று முறை பார்ப்பேன். முதலில் கண்ணை மூடிக்கொண்டு காதால் மட்டும். எந்த இடத்தில் எனக்கு மூச்சு முட்டுகிறதோ அந்த வரியை மறுபடி உடைப்பேன். அடுத்து ஒலியை நிறுத்திவிட்டு, பாதி வேகத்தில், கையில் வசனத்தாளோடு. ப, ம வரும் இடங்களை முன்பே பேனாவால் சுழித்து வைத்திருப்பேன், அங்கெல்லாம் உதடு மூடுகிறதா என்று மட்டும் பார்ப்பேன். மூன்றாவது, சாதாரண வேகத்தில் போனின் சொந்த ஸ்பீக்கரில். புளூடூத் ஸ்பீக்கரில் ஒலி தாமதமாக வரலாம், அதை வைத்து உதட்டசைவு தப்பு என்று முடிவு கட்டக் கூடாது.

ஒரே ஒரு சொல்லில் உதடு தப்பினால் அந்த வரியை மாற்றி எழுதிப் பாருங்கள். வீடியோ முழுவதும் ஒரே அளவில் தப்பினால் அது வசனத்தின் குற்றமல்ல, ஒலியும் படமும் நகர்ந்திருக்கின்றன. எடிட்டிங்கில் ஒலியைத் தனியாகப் பிரித்து நகர்த்தலாம். ஒளிபரப்புத் துறையில் பின்பற்றும் பன்னாட்டுப் பரிந்துரை ஒன்றின்படி, ஒலி படத்துக்கு முன்னால் 45 மில்லி விநாடி வந்தாலே மனிதர் கண்டுபிடித்துவிடுவார்; பின்னால் வந்தால் 125 மில்லி விநாடி வரை தெரியாது. எட்ட நிற்கிறவர் பேசும்போது ஒலி சற்றுப் பிந்தி வருவது நமக்குப் பழகியதுதானே. 25 படக் கணக்கில் ஒரு படம் 40 மில்லி விநாடி. ஆகவே சந்தேகம் வந்தால் ஒலியை ஒரு படம் பின்னால் தள்ளிப் பாருங்கள், முன்னால் இழுக்காதீர்கள்.

வசனத்தில் நான் கண்டிப்பாக வைத்திருக்கும் ஒரு விதி, அவதார் 'என் தோப்பில்', 'நான் பார்த்தேன்' என்று சொல்லக் கூடாது. அதற்குத் தோப்பு இல்லை. அனுபவத்தைச் சொல்ல வேண்டுமென்றால் சந்தூர் அண்ணனின் நிஜக் குரலைப் பதிவு செய்து, பொறியின் படத்தின் மேல் ஓடவிடுவேன். யூடியூபில் ஏற்றும்போது, நிஜம்போல் தோன்றும் செயற்கைக் காட்சி இருந்தால் அதைத் தெரிவிக்கச் சொல்லும் கேள்வி வரும். அதில் ஆம் என்று குறித்துவிட்டு, வீடியோவின் ஓரத்திலும் 'ஏஐ அவதார்' என்று எழுதிவிடுகிறேன்.

நம் மாவட்டத்தில் வீட்டில் தெலுங்கு பேசும் விவசாயிகள் நிறைய. அதே வீடியோவைத் தெலுங்கில் கேட்பார்கள். வரிக்கு வரி மொழிபெயர்த்துக் கொடுத்தால் நீளம் மாறிவிடும், பொறியின் படம் தவறான வரியில் வந்து நிற்கும். தெலுங்குக் குரலின் வேகத்தைத் தனியாக அளந்து, காட்சிக்குக் காட்சி விநாடியை ஒப்பிட்டு, தெலுங்கு தெரிந்த ஒருவரிடம் வரிகளைச் சொல்லச் சொல்லி எழுத வேண்டும்.

விலை, தேதி, போன் எண் சொல்லும் வரி இருந்தால் அதைத் தனிக் காட்சியாகவே வையுங்கள். அண்ணன் அந்த வீடியோவின் கடைசியில் கன்று விலையைச் சேர்க்கச் சொன்னார். "ஒரு கன்று எண்பது ரூபாய் ஆகும்" என்று 11 அசையில் நான்காவது காட்சியாக வைத்தேன், அதுவும் ம் என்று முடியும்படி. விலை மாறும்போது அந்த இரண்டு விநாடியை மட்டும் புதிதாக எடுத்து ஒட்டிக்கொள்ளலாம்.